உத்தரம் உளுத்தது எந்த நாள்? மூன்று பதிவேடுகளும் ஒரு செட்டிநாட்டு வீடும்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பழைய இரண்டு கட்டு வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றும் வேலையை நான் ஒருங்கிணைத்தேன். ஜூன் 10-ல் வேலை ஆரம்பம், ஜனவரி 20-ல் முதல் விருந்தினர். பணம் 85 லட்சம். வீட்டுக்கு ஐந்து பங்குக்காரர்கள். அவர்களில் சென்னையில் இருப்பவர் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் புராஜெக்ட் மேனேஜராக வேலை பார்த்தவர். முதல் கூட்டத்திலேயே, "தம்பி, அசம்ப்ஷன் லாக், ரிஸ்க் ரெஜிஸ்டர், இஷ்யூ லாக் மூன்றும் தனித்தனியாக வேண்டும், ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்றுக்கும் உள்ள எல்லை எங்கே இருக்கிறது என்பது ஆகஸ்ட் மாதத்தில்தான் உறைத்தது.

பெயர்களை முதலில் தமிழாக்கிக்கொள்வோம். ஆதாரம் முழுமையாக இல்லாமலே உண்மை என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுகிறோமே, அது அனுமானம். இனிமேல் நடக்கலாம், நடந்தால் நோக்கத்தைப் பாதிக்கும் என்பது ரிஸ்க். ஏற்கெனவே நடந்துவிட்டது, யாராவது முடிவெடுத்தே ஆகவேண்டும் என்பது சிக்கல், அதாவது இஷ்யூ.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தமிழ் வினைமுற்றே போதும். "பழைய தேக்கு கிடைக்கும்" என்று எழுதினால் அனுமானம். "பழைய தேக்கு கிடைக்காமல் போகலாம்" என்றால் ரிஸ்க். "பழைய தேக்கு கிடைக்கவில்லை" என்றால் சிக்கல். அனுமானப் பதிவேட்டில் ஒரு வரி 'லாம்' என்று முடிந்தால் அது இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. ரிஸ்க் பதிவேட்டில் வாய்ப்பு நூறு சதவீதம் என்று யாராவது எழுதியிருந்தால், அவர் ஒரு சிக்கலுக்கு ரிஸ்க் வேஷம் போட்டிருக்கிறார். நான் பார்த்த பதிவேடுகளில் இந்த இரண்டாவது தப்புதான் அதிகம். சிக்கல் என்று எழுதினால் மேலே இருப்பவர் கேள்வி கேட்பார், ரிஸ்க் என்று எழுதினால் "கவனித்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்ற நினைப்புத்தான் காரணம்.

பாடப்புத்தக வழி என்ன என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திட்ட மேலாண்மைக்கான பிஎம்ஐ அமைப்பின் பிஎம்பாக் கையேடு, 2017-ல் வந்த ஆறாம் பதிப்பில், மூன்றையும் மூன்று வேறு கட்டங்களில் பிறக்க வைக்கிறது. திட்டத்துக்கு அனுமதிப் பத்திரம் எழுதும்போதே அனுமானப் பதிவேடு தொடங்குகிறது. ரிஸ்க்குகளைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது ரிஸ்க் பதிவேடு. வேலையை நடத்தத் தொடங்கிய பிறகு சிக்கல் பதிவேடு. பிரிட்டனில் பிறந்த பிரின்ஸ்2 முறையில் ரிஸ்க்குக்கும் சிக்கலுக்கும் பதிவேடு உண்டு, அனுமானத்துக்குத் தனிப் பதிவேடு கிடையாது. அங்கே அது திட்ட ஆவணத்துக்குள் ஒரு பகுதியாக இருக்கும். எனக்குத் தனிப் பதிவேடுதான் பிடிக்கிறது. ஆவணத்துக்குள் எழுதிய அனுமானத்தைக் கையெழுத்து வாங்கின பிறகு யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

எங்கள் அனுமானப் பதிவேட்டில் பதினான்கு வரிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதை வைத்து நம்புகிறோம், பொய்யானால் என்ன ஆகும், யார் சரிபார்க்க வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று கட்டங்கள். நாலாவது வரி, ஜூன் 12-ல் எழுதியது, இதுதான்: "இரண்டாம் கட்டு மேல்தளத்தின் 11 உத்தரங்களும் நன்றாக இருக்கின்றன. மேலே உள்ள சுண்ணாம்புத் தளத்தை மட்டும் பிரித்துப் போட்டால் போதும்." எதை வைத்து நம்பினோம் என்ற கட்டத்தில், "கீழிருந்து பார்த்ததில் விரிசல் இல்லை, பர்மாத் தேக்கு" என்று எழுதியிருந்தேன். சரிபார்க்க வேண்டியவர் ஆசாரி. கடைசித் தேதி ஜூலை 10.

அந்தத் தளத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் மீதி புரியும். சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரங்கள். அவற்றின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக, சாய்வாட்டத்தில் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் பிடித்திருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கிய தளம். உத்தரத்தின் நடுப்பகுதி நம் கண்ணுக்குத் தெரியும். இரண்டு முனைகளும் சுவருக்குள் புதைந்திருக்கும். தேக்கின் வைரத்தைக் கரையான் லேசில் தொடாது என்பது உண்மைதான். ஆனால் சுவருக்குள் ஈரம் தேங்கினால், காற்றே படாத அந்த முனை எந்த மரமாக இருந்தாலும் மெல்ல மெல்ல உளுக்கும். அதாவது நாங்கள் பார்த்தது நடுப்பகுதியை, நம்பியது முனைகளை. பதிவேட்டில் 'எதை வைத்து நம்புகிறோம்' என்ற கட்டம் இருப்பதே இந்த இடைவெளியைக் காட்டத்தான். "கீழிருந்து பார்த்ததில்" என்று எழுதும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஜூலை 10 வந்தது, போனது. சாரம் கட்டாமல் ஆசாரியால் மேலே ஏற முடியாது. சாரம் ஆகஸ்ட்டில்தான் திட்டத்தில் இருந்தது. சரிபார்க்கத் தேதி குறித்தவன், அந்தத் தேதியில் சரிபார்க்க வழி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. வாடகை ஏணியும் ஒரு பலகையும் இருந்திருந்தால் அரை நாள் வேலை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஜூலை 11 காலையில் அந்த அனுமானத்தின் நிலை என்ன? பொய் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சரிபார்க்கும் தேதி தாண்டிவிட்டது. அந்த நேரத்தில் அதை ரிஸ்க் பதிவேட்டுக்கு நகர்த்தியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. நம்பிக்கைக்கு ஆதாரம் சேர்க்க வேண்டிய நாளில் சேர்க்க முடியவில்லை என்றால், அதற்கு மேல் அதை 'இருக்கின்றன' என்ற வினைமுற்றில் வைத்திருக்க நமக்கு உரிமை இல்லை. 'இல்லாமலும் இருக்கலாம்' என்று மாற்றி எழுதியிருந்தால், அதோடு ஒரு பணத் தொகையும் ஒரு மாற்று வழியும் எழுத வேண்டி வந்திருக்கும். நான் நகர்த்தவில்லை. தேதியை மட்டும் அடித்துவிட்டு ஆகஸ்ட் 10 என்று எழுதினேன். தேதி அடித்தல் திருத்தலாக இருக்கும் அனுமான வரியைக் கண்டால், இப்போதெல்லாம் முதலில் அதைத்தான் படிக்கிறேன்.

ஆகஸ்ட் 9-ல் கிழக்குக் கோடியில் சாரம் ஏறியது. மறுநாள் ஆசாரி, சாரத்திலிருந்து கைக்கு எட்டிய இரண்டு உத்தரங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். நல்ல மரம் கணீரென்று கேட்கும், உளுத்தது சொத்தென்று கேட்கும். கிழக்கிலிருந்து இரண்டாவதும் மூன்றாவதும் சொத்தென்றன. சுவரை ஒட்டிச் சாந்தைக் கொஞ்சம் பெயர்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினார். மூன்று அங்குலம் சிரமமில்லாமல் உள்ளே போனது. "ஐயா, இது மரமில்லை, மாவு" என்றார். சுவரின் வெளிப்பக்கம் போய்ப் பார்த்தால் மழைநீர்க் குழாய் ஒன்று, எந்தக் காலத்திலோ விரிந்தது, அதே இடத்தில்.

இப்போது பதிவேடுகளுக்கு வருவோம். ஓர் அனுமானம் பொய்யாகும்போது மூன்று நாட்கள் இருக்கின்றன. அது உண்மையில் பொய்யான நாள் ஒன்று. இங்கே அது குழாய் விரிந்த பிறகு எத்தனையோ மழைக்காலம் முந்தி. நமக்குத் தெரியவந்த நாள் இன்னொன்று, ஆகஸ்ட் 10. அதனால் வேலை நிற்கும் நாள் மூன்றாவது. ரிஸ்க்குக்கு இந்தச் சங்கடம் கிடையாது. அது வருங்கால நிகழ்ச்சி, நடக்கும் நாளில் நடக்கும். அனுமானமோ பெரும்பாலும் ஏற்கெனவே மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கும் ஒன்று. நமக்குத்தான் தெரியாது. அதனால்தான் 'அனுமானம் ரிஸ்க்காகும், ரிஸ்க் சிக்கலாகும்' என்ற ஏணி எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை. நடுப்படியைத் தொடாமலே அது சிக்கலில் வந்து விழலாம்.

அப்படியானால் சிக்கல் பதிவேட்டில் எந்தத் தேதியைப் போடுவது? நிறையப் பேர் மூன்றாவது நாளில்தான் எழுதுகிறார்கள். வேலை நின்றால்தான் சிக்கல் என்று பழக்கம். சரியான நாள் இரண்டாவது. எங்கள் கணக்கைப் பார்த்தால் காரணம் தெரியும்.

தளத்தைப் பிரிக்கும் வேலை ஆகஸ்ட் 11-ல் கிழக்குக் கோடியில் தொடங்கி மேற்கே போவதாகத் திட்டம், ஒழுகல் அங்கேதான் அதிகம் என்பதால். முழுத் தளமும் அக்டோபர் 6-ல் முடிய வேண்டும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சுண்ணாம்புத் தளம் காயாது என்பதால் அக்டோபர் 15-ஐக் கடைசி எல்லையாக வைத்திருந்தோம். ஆக ஒன்பது நாள் கையிருப்பு. உளுத்த இரண்டுக்கும் அதே பருமனில் பழைய தேக்கு தேட 12 நாள், வெட்டி இழைத்து ஏற்ற 5 நாள் என்று ஆசாரி கணக்குச் சொன்னார். கிழக்கில் தொடங்கினால் மரம் வரும்வரை காத்திருக்க வேண்டும். மொத்தம் 17 நாள் தள்ளி, அக்டோபர் 23. மழையில் மாட்டிக்கொள்வோம்.

மேற்கிலிருந்து தொடங்கினால்? மரம் தேடும் 12 நாளும் அங்கே வேலை நடந்துகொண்டிருக்கும். ஏற்றும் 5 நாள் மட்டும்தான் கூடுதல். அக்டோபர் 11. ஒன்பது நாள் கையிருப்புக்குள் அடங்குகிறது. இந்த வழி ஆகஸ்ட் 10 மாலை வரைக்கும்தான் திறந்திருந்தது. மறுநாள் காலை கிழக்கில் கடப்பாரை விழுந்துவிட்டால் அது மூடிவிடும். வேலை நிற்கும் நாளில் சிக்கலை எழுதியிருந்தால் அழகாகப் பதிவாகியிருக்கும், தீர்வு மட்டும் இருந்திருக்காது.

வேலை வரிசையை மாற்ற எனக்கே அதிகாரம் இருந்தது. பணத்துக்கு இல்லை. மரம், கூலி எல்லாம் சேர்த்து உத்தரம் ஒன்றுக்கு 38 ஆயிரம், இரண்டுக்கு 76 ஆயிரம். 50 ஆயிரத்துக்கு மேல் என்றால் பங்குக்காரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று பேசியிருந்தோம். அதனால் சிக்கல் பதிவேட்டில் முடிவெடுப்பவர் என்ற இடத்தில் என் பெயர் வராமல் சென்னை அண்ணன் பெயர் வந்தது. கெடு ஆகஸ்ட் 12. சிக்கல் பதிவேட்டில் இந்தக் கட்டம்தான் உயிர். அங்கே பெயர் இல்லையென்றால் அந்த வரி வெறும் புலம்பல்.

அன்று இரவு தொலைபேசியில் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "மற்ற ஒன்பது?" என்பதுதான்.

அதுவரை நான் நாலாவது வரியை அப்படியே சிக்கலாக மாற்றி எழுதி வைத்திருந்தேன்: "உத்தரங்கள் உளுத்துவிட்டன." அது தப்பு. உளுத்தது தெரிந்தது இரண்டு. மற்ற ஒன்பதும் நன்றாக இருக்கின்றன என்று இனிமேல் சொல்ல முடியாது, உளுத்துவிட்டன என்றும் சொல்ல முடியாது. ஓர் அனுமான வரி உடையும்போது அது முழுதாக இடம் மாறுவது அபூர்வம். பெரும்பாலும் துண்டாகும். தெரிந்த துண்டு சிக்கலுக்குப் போகிறது, தெரியாத துண்டு ரிஸ்க்குக்குப் போகிறது. பழைய வரியை 'பொய்' என்று குறித்து மூடிவிட்டு, புதிய வரிகளின் எண்களைப் பக்கத்தில் எழுத வேண்டும். அழிக்கக் கூடாது. ஆறு மாதம் கழித்து "இந்த 76 ஆயிரம் எங்கிருந்து வந்தது?" என்று இன்னொரு பங்குக்காரர் கேட்பார்.

ரிஸ்க் துண்டை எழுதுவதிலும் ஒரு பொறி இருந்தது. முதலில் ஒன்பதையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று போட்டேன். ஆசாரி சிரித்தார். ஈரம் வந்தது ஒரே குழாயிலிருந்து. அதை ஒட்டி இருப்பவை முதலாவதும் நாலாவதும். அவை கெட்டிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். ஐந்து முதல் பதினொன்று வரை தூரத்தில் இருக்கின்றன, பத்தில் ஒன்று இருந்தால் அதிகம். ஒரே காரணத்தால் வரும் கேடு பக்கத்துப் பக்கத்தில்தான் பரவும். ஆகவே இரண்டு வரிகளாகப் பிரித்தோம். பக்கத்து இரண்டுக்கு 76 ஆயிரத்தில் பாதி, 38 ஆயிரம். தூரத்து ஏழுக்கு 2 லட்சத்து 66 ஆயிரத்தில் பத்தில் ஒன்று, சுமார் 27 ஆயிரம். மொத்தம் 65 ஆயிரத்தை அவசரப் பணமாக ஒதுக்கினோம். பாதி வாய்ப்பு என்பது ஆசாரியின் அனுபவக் கணிப்புத்தான், அளந்து சொன்னதில்லை. கணக்கு அதை உண்மையாக்கிவிடாது. ஆனால் எவ்வளவு ஒதுக்குவது என்ற பேச்சுக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. எதிர்நடவடிக்கையும் எழுதினோம்: மரம் தேடும்போதே இரண்டுக்குப் பதில் நாலு வாங்குவது. மிஞ்சினால் விற்றுக்கொள்ளலாம், பழைய தேக்குக்கு இந்தப் பக்கம் ஆள் உண்டு.

இதோடு முடியவில்லை. சிக்கலுக்கு எழுதிய தீர்வுக்குள்ளேயே புதிதாக ஓர் அனுமானம் உட்கார்ந்திருந்தது: "ஐந்துக்கு எட்டு அங்குலப் பருமனில், பதினோரு அடி நீளத்தில் பழைய தேக்கு 12 நாளில் கிடைக்கும்." காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன, இடித்த வீட்டு மரம் வாங்கி விற்பவர்களும் இருக்கிறார்கள், கிடைத்துவிடும் என்ற தைரியம்தான் ஆதாரம். இந்த முறை பதினைந்தாவது வரியாக எழுதி, சரிபார்க்கும் தேதியை நாலே நாள் தள்ளி ஆகஸ்ட் 14 என்று வைத்தேன். ஏறிப் பார்க்கச் சாரம் வேண்டாத வேலை, தெருவில் நடந்தால் போதும். 13-ஆம் தேதியே கிடைத்தது, நாலும் ஒரே வீட்டு மரம்.

பொய்யான அனுமானம் எல்லாம் சிக்கலாகிவிடாது என்பதற்கும் அதே வீட்டில் உதாரணம் இருந்தது. ஏழாவது வரி: "ஆத்தங்குடிக் கல் அக்டோபர் 15-ல் வந்து சேரும்." ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடி மேல் நிறச்சாந்து ஊற்றி, பின்பக்கம் சிமெண்ட் கலவை வைத்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. ஆர்டர் குவிந்தாலோ மழை வந்தாலோ தள்ளிப்போகும். செப்டம்பரிலேயே, "அக்டோபர் 25 ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். அனுமானம் பொய். ஆனால் தரை போடும் வேலை நவம்பர் 5-ல்தான். யாரும் எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை, தேதியை மாற்றினால் போதும். சிக்கல் பதிவேட்டில் எழுதவில்லை. திட்டத்தை எழுதியபடியே நடத்த முடியாது, அதற்கு யாரோ ஒருவர் முடிவு சொல்ல வேண்டும் என்ற இரண்டும் சேரும்போதுதான் பொய்யான அனுமானம் சிக்கலாகிறது. உத்தரத்தில் இரண்டும் சேர்ந்தன. கல்லில் ஒன்றும் சேரவில்லை.

அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் உருவான திட்டமிடும் முறை ஒன்றில் அனுமானங்களைக் கட்டடம்போலப் பிரிக்கிறார்கள். எதை எடுத்தால் திட்டம் சரியுமோ அது சுமை தாங்கும் அனுமானம். அது ஆட்டம் காண்கிறது என்று முன்கூட்டிக் காட்டும் அடையாளத்துக்கு வழிகாட்டிக் கம்பம் என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். உத்தரத்தைப் பற்றிய அனுமானத்தைச் சுமை தாங்கும் அனுமானம் என்று சொல்வது சிலேடையாகவே பொருந்துகிறது. பதினான்கு வரிகளில் அப்படிப்பட்டவை மூன்றோ நாலோதான். அவற்றுக்கு மட்டுமாவது அடையாளம் என்ன என்று எழுதியிருக்கலாம். சுவர் வெளிப்பக்கத்தில் குழாயை ஒட்டிய பச்சைப்பாசி முதல் நாளே எல்லோர் கண்ணிலும் பட்டதுதான்.

எழுதாமலே விட்ட அனுமானம் ஒன்றும் இருந்தது. செட்டிநாட்டு வீட்டில் ஒவ்வொரு பங்குக்கும் ஓர் உள்வீடு உண்டு. பூட்டியே கிடக்கும், சாவி அவரவரிடம். எட்டு அறை என்று வரைபடம் போட்டபோது எட்டும் நம் கைக்கு வரும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். யாரும் எழுதவில்லை, ஏனென்றால் யாருக்கும் அது அனுமானமாகவே படவில்லை. செப்டம்பர் கடைசியில் குளியலறைக் குழாய்க்கு அளவெடுக்கப் போனால், மூத்த பங்குக்காரர் வீட்டு ஆச்சி, "அது படைப்புச் சாமான் இருக்கிற அறை, அதில் ஆணிகூட அடிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். எழுதாத அனுமானத்துக்குச் சரிபார்க்கும் தேதி கிடையாது, அதனால் ரிஸ்க்காகும் வாய்ப்பும் கிடையாது. பிறக்கும்போதே சிக்கல். இப்போது நான் வரைபடத்தில் பூட்டிய கதவு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 26-ல் மேற்கிலிருந்து வந்த வேலை நாலாவது உத்தரத்தைத் தொட்டது. அதுவும் உளுத்திருந்தது. ரிஸ்க் வரியை 'நடந்தது' என்று மூடி, சிக்கல் பதிவேட்டில் எழுதினேன். மரமும் ஒதுக்கிய பணமும் கையில் இருந்ததால் அன்று மாலையே அந்த வரியும் மூடியது. முதலாவது நன்றாக இருந்தது, மேற்கே ஏழும் கணீரென்றன. தளம் அக்டோபர் 12-ல் முடிந்தது. மிஞ்சிய ஒரு மரம் பின்கட்டுச் சுவரோரம் சார்த்திக் கிடக்கிறது, ஆச்சி அதை விற்க விடவில்லை. விடுதிக்கு இப்போது ஏழு அறை. எட்டாவது அறைக்கான வரி சிக்கல் பதிவேட்டில் இன்னும் மூடாமல்தான் இருக்கிறது. முடிவெடுப்பவர் என்ற கட்டத்தில் ஆச்சி பெயர், கெடு என்ற கட்டம் காலி.